மீற்றர் பார்க்கிற பிள்ளை

போன செமஸ்ரரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறுகதை எழுதினோம். ஒன்பது வயதுப் பிள்ளை சொல்கிற கதை. அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது, ஆனால் வீட்டில் ஒருத்தரும் அதை வாய் திறந்து சொல்வதில்லை. கதை அவ்வளவுதான். எட்டுப் பக்கம். அதை எழுதி முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில் என்ன செய்தோம் எண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் நாலு பேரில் ஒருத்தியின் வீட்டில் 2022இல் இது உண்மையிலேயே நடந்தது. அவளின் அப்பா எந்த இடத்தில், என்ன வேலை செய்தார் எண்டது இங்கே வேண்டாம். கதையை எழுதுவதற்கு அவள் சம்மதித்தபோதே ஒரு நிபந்தனை போட்டாள். "தொழிலை மாத்துங்கோ, ஊரை மாத்துங்கோ, பிள்ளையை மட்டும் மாத்தாதேங்கோ." பிள்ளையை மாற்றாமல் எழுதுவது எப்படி எண்டதே எங்கட முழு வேலையாகவும் இருந்தது.

முதலில் தொழிலை மாற்றினோம். கதையில் அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வேலை செய்கிறார். அதை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. ஷோரூம்களில் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாய்ப் போக, புதிதாக ஒன்றும் வரவில்லை. இதைப் பெரியவர்கள் "இறக்குமதித் தடை" எண்டு சொல்வார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் அவளுக்கு எண்ணத் தெரியும். அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கேக்குள்ள ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் பதினாலு பைக் நின்றது. பிறகு ஒன்பது. பிறகு மூன்று. கடைசியில் ஹெல்மெட் மட்டும். அவள் அதை இப்படிச் சொல்கிறாள்:

"எல்லாத்தையும் அப்பாதான் வித்தவர். அப்பா மாதிரி வேறை ஒருத்தரும் விக்கேலாது."

இந்த இரண்டு வரியையும் எழுதின பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. பிள்ளை எண்ணினது அத்தனையும் சரி. அதில் இருந்து அவள் எடுத்த முடிவு மட்டும் பிழை. வாசிக்கிறவர் அந்த இடைவெளியில் நிற்கிறார். பிள்ளையின் கண்ணால் எழுதுவதென்றால் மழலையில் எழுதுவது எண்டு கனபேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பார்த்ததில் பிள்ளை துல்லியமாய் இருக்க வேண்டும். அதுக்கு என்ன அர்த்தம் எண்டதுதான் அவளிடம் இருக்கக் கூடாது.

பெரியவர்களின் தாள்

கதைக்கு முன்னால் வேறொரு தாள் எழுதினோம். அதில் இருப்பது ஒன்றும் கதைக்குள் வராது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது, பிள்ளைக்குத் தெரியாதது எல்லாம் அந்தத் தாளில்.

முதற் கேள்வி, ஏன் சத்தமில்லாமல்? வேலை போனால் சத்தம் வர வேண்டுமே. இதுக்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒன்று, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி எடுக்கப் போனால் விசாரணை, நட்டஈடு எண்டு நீளும். ஆனபடியால் சில இடங்களில் சுருக்கமான வழியைப் பார்க்கிறார்கள். "நீங்களா விலகிறன் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, உங்களுக்கும் நல்லது." கடிதம் எழுதினால் அது விலகல். நிறுத்தினதாகப் பதிவே இராது. வீட்டில் என்ன சொல்வது? நிப்பாட்டினது எண்டு சொன்னால் கையெழுத்து வைத்தது நீர்தானே எண்டு கேட்பார்கள். விட்டது எண்டு சொன்னால் இந்தக் காலத்தில் யாராவது வேலையை விடுவார்களா எண்டு கேட்பார்கள். இரண்டு வினைச்சொல்லும் அவருக்குப் பொருந்தவில்லை. அந்த ஆள் பேசாமல் இருப்பது கோழைத்தனத்தால் இல்லை எண்டது இதோடு எங்களுக்கு விளங்கியது.

இரண்டாவது கேள்வி காசு. கதையில் அப்பாவின் சம்பளம் 48,000 ரூபா. பதினொரு வருடச் சேவை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரர் விலகினாலும் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். ஆக 24,000 தர பதினொன்று, 264,000 ரூபா. பழைய சம்பளக் கணக்கில் அது ஐந்தரை மாதம். ஆனால் அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. அதோடு வீட்டுக்கு ஒரு சீட்டுக்காசும் கட்ட வேண்டும் எண்டு வைத்தோம். நாலு மாதத்துக்குள் காசு முடிந்துவிடும். ஆனபடியால் கதை மே மாதம் தொடங்கி ஓகஸ்ற்றில் முடிய வேண்டும். கதையின் நீளத்தை அந்தக் காசு முடிவு செய்தது.

பிள்ளைக்கு இந்த இலக்கம் ஒன்றும் தெரியாது. ஆனால் எங்களுக்குத் தெரிந்திருந்தபடியால், ஜூனில் வீட்டில் பால்மா இருக்கும், ஜூலையில் அது தேத்தண்ணிக்கு மட்டும், ஓகஸ்ற்றில் தம்பிக்கு மட்டும் எண்டு எழுத முடிந்தது. பிள்ளை அதை ஒரு சோகமாகச் சொல்வதில்லை. "தம்பி சின்னப் பிள்ளை எண்டபடியால் அவனுக்கு" எண்டு அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். அவ்வளவுதான்.

ஒரு ஒற்றை

அந்தக் கடிதத்தைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல், ஆனால் பிள்ளையின் கைக்குள்ளால். 2022இல் கடதாசித் தட்டுப்பாடு இருந்தது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். கொப்பி விலை ஏறிப் போயிருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைக்கு ஒரு ஒற்றை எண்டால் சும்மா இல்லை. கரண்ட் நின்ற ஒரு இரவு, விளக்கு வெளிச்சத்தில் இந்தக் காட்சி:

"பிள்ளை, கொப்பியில ஒரு ஒற்றை தாங்கோ எண்டு அப்பா கேட்டவர். நடுப்பக்கத்திலதான் கிழிக்கோணும், இல்லாட்டி மற்றப் பக்கம் கழண்டுபோம். நான் கம்பியை மெல்லமா விரிச்சுக் கிழிச்சுக் குடுத்தன். அப்பா எழுதிப்போட்டுக் கசக்கினவர். பிறகும் கேட்டவர். மூண்டு தரம் கேட்டவர். எனக்கு எழுத்துப் பிழை விட்டா ரீச்சர் வெட்டிப்போட்டுக் கீழ எழுதச் சொல்லுவா, அப்பாக்கு அது தெரியாது போல."

இந்தப் பந்தியில் கடிதம் எண்ட சொல்லே இல்லை. ஆனால் வாசிக்கிற ஆளுக்கு அந்த மூன்றாவது ஒற்றையில் எல்லாம் விளங்கும். பிள்ளைக்கோ தான் உதவி செய்த பெருமை. பின்னால் உண்மை தெரியவரும்போது அவள் யாரையும் குற்றம் சொல்லப் போவதில்லை. தன்ர கொப்பியை எடுத்து நடுப்பக்கத்தைப் பார்ப்பாள். அவ்வளவு போதும்.

இப்படியான கதைகள் எங்கே பிசகும் எண்டு பார்க்க ஒரு சோதனை வைத்திருந்தோம். ஒவ்வொரு வசனத்துக்குக் கீழும் கோடு போட்டு, "இதைப் பிள்ளை கண்டதா, கேட்டதா, தொட்டதா, எண்ணினதா?" எண்டு கேட்போம். நாலும் இல்லை எண்டால் அது பெரிய ஆளின் வசனம். "அப்பாவின் முகத்தில் விரக்தி படர்ந்திருந்தது" எண்டதை எந்தப் பிள்ளையும் காண்பதில்லை. பிள்ளை காண்பது, அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் விறாந்தைக் கதிரையில் இருக்கிறதை. உவமைகளுக்கும் இதே சோதனைதான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கடல் மாதிரி மௌனம் இராது. பரீட்சை மண்டபம் மாதிரி வேண்டுமானால் இருக்கலாம், அதுவும் அவள் அங்கே இருந்து பார்த்திருந்தால்.

வயதைக் கவனமாக முடிவு செய்ததும் இதுக்காகத்தான். ஆறு வயதென்றால் அவள் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க மாட்டாள், கதை நகராது. பன்னிரண்டு எண்டால் கடிதத்தைக் கண்ட உடனேயே விளங்கிவிடும், கதை முதற் பக்கத்தில் முடிந்துவிடும். நாலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும், நேரம் பார்க்கத் தெரியும், பெரியவர்கள் கதையை நிறுத்துவது எப்போது எண்டு தெரியும். ஏன் எண்டது மட்டும் தெரியாது.

எங்கட தமிழ் தந்த இரண்டு உதவி

இந்தக் கதையை இங்கிலிஷில் எழுதியிருந்தால் கிடைத்திருக்காத இரண்டு விசயம் எங்கட பேச்சிலேயே இருந்தது.

ஒன்று, "ஆம்". "அப்பாக்கு லீவாம்." "ஷோரூமுக்குப் பெயின்ற் அடிக்கினமாம்." "அடுத்த கிழமை திறக்குமாம்." அந்த ஒரு அசை போதும். பிள்ளை தான் கேட்டதை அப்படியே கடத்துகிறாள். நம்புகிறாளா இல்லையா எண்டு சொல்லத் தேவையில்லை. கதையின் முதல் பாதியில் அப்பாவின் வேலையைப் பற்றின வசனம் எல்லாம் "ஆம்" போட்டு முடியும். பிள்ளை உண்மையைக் கண்டுபிடித்த பிறகு அவளே வெளியாட்களுக்குச் சொல்கிறாள், "அப்பா வேலைக்குப் போட்டார்." அங்கே "ஆம்" இல்லை. ஓர் அசை விழுந்ததோடு, கேட்டதைச் சொன்ன பிள்ளை பொய் சொல்கிற பிள்ளையாகிறாள். இதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் பிடிப்பார்களோ தெரியாது. ஆனால் காது பிடிக்கும்.

மற்றது, "இனம்". யாழ்ப்பாணப் பேச்சில் "நிப்பாட்டிப்போட்டினம்" எண்டால் போதும், ஆர் நிப்பாட்டினது எண்டு சொல்லத் தேவையில்லை. மாமி ஒருத்தி தொலைபேசியில் அம்மாவிடம் கேட்கிறா, "அப்ப, நிப்பாட்டிப்போட்டினமே?" பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு வருகிற கேள்வி ஏன் எண்டது இல்லை. ஆர் எண்டதுதான். கரண்டையும் நிப்பாட்டினம், பஸ்ஸையும் நிப்பாட்டினம். எல்லாத்தையும் நிப்பாட்டுகிற ஆக்கள் ஒரே ஆக்கள்தானோ எண்டு அவள் யோசிக்கிறாள். அந்த வருடத்தை இதைவிடச் சரியாக ஒரு பெரிய ஆள் சொல்லியிருக்க முடியாது எண்டு எங்களுக்குப் பட்டது.

வெளியே போக முடியாத கதைசொல்லி

எழுதுகிற காலத்தில் கியோஷி குரோசாவாவின் "டோக்கியோ சொனாட்டா" படத்தை ஒரு லப்டொப்பில் இருந்து பார்த்தோம். 2008இல் வந்த படம். வேலை போன தகப்பன் வீட்டில் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் கோட்டுச்சூட்டோடு வெளிக்கிடுகிறார். கமரா அவரோடு கூடவே போகிறது. அவர் எங்கே இருக்கிறார், எங்கே சாப்பிடுகிறார் எண்டு எங்களுக்குத் தெரியும். அதே வீட்டில் சின்ன மகனும் ஒன்றை மறைக்கிறான், சாப்பாட்டுக் காசில் பியானோ படிக்கிறான்.

இன்னொரு பக்கம் பெவர்லி கிளியரியின் "ரமோனா அன்ட் ஹெர் ஃபாதர்" எண்ட சிறுவர் நாவல், 1977. அதிலும் அப்பாவுக்கு வேலை போகிறது. ஆனால் அங்கே அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். ரமோனாவின் கவலை எல்லாம் அப்பாவைச் சிகரெட் விட வைப்பதில் போகிறது.

எங்கட கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மறைப்பு இருக்கிறது, ஆனால் கமரா இல்லை. பிள்ளை "நான்" எண்டு சொல்கிற கதையில் அப்பா படலையைத் தாண்டின பிறகு என்ன செய்கிறார் எண்டு எழுதவே முடியாது. வெளியில் நடப்பது முழுக்க ஏதாவது ஒரு பொருளில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டும். எந்தப் பொருள்?

2022 எண்டபடியால் இது இன்னும் சிக்கல். மே, ஜூன் மாதங்களில் எல்லா அப்பாமாரும் வீட்டில் அல்லது பெற்றோல் வரிசையில். பள்ளிக்கூடங்களும் கொஞ்ச நாள் பூட்டுப்பட்டன. எல்லாருக்கும் வேலை நின்ற மாதிரி இருக்கிற ஊரில், உண்மையிலேயே வேலை போன ஒருத்தரைப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்? நெருக்கடி அப்பாவுக்கு ஒரு திரை மாதிரி. அந்தத் திரை விலகுவது ஜூலைக் கடைசியில், கியூ.ஆர். அட்டை வந்த பிறகு. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். பக்கத்து வீட்டு மாமா வேலைக்குப் போகத் தொடங்குகிறார். எங்கட கதையின் அப்பாவும் காலை ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிடுகிறார்.

அப்போதுதான் எங்களுக்கு மீற்றர் கிடைத்தது. எண்ணுகிற பிள்ளை. பைக்கில் அப்பாவுக்கு முன்னால் இருந்து போய்ப் பழகினவள், கிலோமீற்றர் மீற்றரில் கடைசி இரண்டு எண் மாறுவதைப் பார்ப்பது அவளுக்கு விளையாட்டு. வீட்டிலிருந்து ஷோரூம் ஏழு கிலோமீற்றர் எண்டு அவளுக்கு முந்தியே தெரியும். போய்வந்தால் பதினாலு. காலையில் 12 எண்டு நின்றால் பின்னேரம் 26 எண்டு நிற்க வேண்டும்.

"பின்னேரம் பாத்தன். 15. மூண்டுதான் கூடியிருந்தது. நான் பிழையாக் கழிச்சிட்டன் போல எண்டு திரும்பியும் கழிச்சன். அடுத்த நாள் காலமை 15. பின்னேரம் 18."

அவர் எங்கே போகிறார் எண்டு கதை சொல்லவில்லை. ஒன்றரைக் கிலோமீற்றரில் ஒரு வாசிகசாலை இருக்கு, ஒரு கோயில் இருக்கு எண்டு பிள்ளைக்குத் தெரியும். வாசிக்கிறவர் அதில் ஒன்றில் அவரை இருத்திக்கொள்ளலாம்.

அம்மாவுக்குத் தெரியுமா எண்ட கேள்வியில் நாங்கள் கன நாள் இழுபட்டோம். தெரியும் எண்டு முடிவெடுத்தோம். ஆனால் அதைக் காட்டுவதற்கு ஒரு அழுகையும் வைக்கவில்லை. முந்தி அப்பா வந்தவுடன் அம்மா கேட்பா, "இண்டைக்கு எத்தினை போச்சுது?" இப்போது கேட்பதில்லை. சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக் கழுவ வைக்கிறா. கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பிள்ளை கவனிக்கிறாள். இது எங்கட கூட்டாளி தன்ர வீட்டில் கண்டது. வேலை போனதை அவளுக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு கடிதமோ சண்டையோ இல்லையாம். ஒரு கேள்வி இல்லாமல் போனதுதானாம்.

கண்டுபிடித்த பிறகு

முடிவுக்கு வந்தபோதுதான் நாங்கள் பிரிந்தோம். இரண்டு பேர் சொன்னது, பிள்ளை உண்மையைக் கண்டுபிடிக்கிறதோடு கதை முடியட்டும் எண்டு. 12, 15, 18 எண்ட எண்களோடு நிப்பாட்டினால் அழகாய் இருக்கும். கூட்டாளி தலையை ஆட்டினாள். "எனக்கு ஜூனிலேயே தெரியும். ஒக்ரோபர் மட்டும் நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் முடிக்கிற இடத்திலதான் எனக்குத் தொடங்கினது."

ஒரு பிள்ளை ஏன் கேட்பதில்லை? அவளிடம் கேட்டோம். கேட்டால் அப்பா பதில் சொல்ல வேண்டி வரும், அதுதான் காரணம் எண்டாள். அவர் பொய் சொன்னால் அவள் அதை நம்பினமாதிரி நடிக்க வேணும். உண்மையைச் சொன்னால் அவர் அடுத்த நாள் எப்படிக் காலமை வெளிக்கிடுவார்? ஆகவே அவள் அவரின் வெளிக்கிடுதலைக் காப்பாற்றினாள். பெற்றோர் பிள்ளைக்காக மறைக்கிறார்கள், பிள்ளை பெற்றோருக்காக மறைக்கிறாள். ஒரே வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்வதில்லை. சத்தமில்லாமல் வேலை போவது எண்டால் இதுதான். அந்தச் சத்தமில்லாமையில் பிள்ளைக்கும் ஒரு பங்கு வேலை இருக்கு. அந்த வேலையை எழுதாமல் விட்டால், பிள்ளை வெறும் ஒரு யன்னல் மட்டும்தான். அதுக்குள்ளால் அப்பாவைப் பார்க்கலாம், அவளைப் பார்க்க முடியாது.

ஆனபடியால் அவளுக்கு ஒரு செயல் வேண்டும். அவளுக்கு எது பெரிதோ அதை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். எண்ணுகிற பிள்ளைக்குப் பெரியது, எண் சரியாய் இருப்பது. ஒரு தம்பியைக் கதையில் வைத்திருந்தோம், ஐந்து வயது, இப்போதுதான் எண் வாசிக்கப் பழகுகிறான். காண்கிறதை எல்லாம் வாசிப்பான். ஒரு பின்னேரம் அப்பா வந்து பைக்கை நிறுத்துகிறார். தம்பி ஓடிப்போய் மீற்றரைப் பார்க்கிறான்.

"அப்பா, இருபத்திநாலு! காலமை இருபத்தொண்டு இருந்தது, நான் பாத்தனான் எண்டு தம்பி கத்தினவன். அம்மா குசினிக்குள்ளால எட்டிப் பாத்தவ. ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் போய்ப் பாத்தன். இருபத்திநாலுதான். நான் சொன்னன், உனக்கு இன்னும் எண் தெரியாது, அது முப்பத்தஞ்சு எண்டு. தம்பி அழுதவன். அவன் சரியாத்தான் வாசிச்சவன்."

21உம் பதினாலும் 35. அந்தப் பொய்யைக்கூட அவள் சரியாகக் கூட்டித்தான் சொல்கிறாள். அதிலிருந்து அப்பாவுக்கு விளங்கிவிடும், அவள் எவ்வளவு நாளாய்க் கணக்குப் பார்க்கிறாள் எண்டு. இதுக்குப் பிறகு அப்பா என்ன செய்வார்? கட்டிப்பிடித்து அழுவது ஒரு வழி. அதை வைத்தால் கதை முழுக்கக் காத்த மௌனத்தை ஒரு அணைப்பில் செலவழித்துவிடுவோம். அப்பா தம்பியின் பக்கம் நின்று "அவன் சொன்னதுதான் சரி" எண்டு உண்மையைச் சொல்வது இன்னொரு வழி. அது நேர்மையானது, ஆனால் மூன்று மாதம் சொல்லாதவர் அந்த நிமிசத்தில் சொல்ல மாட்டார் எண்டு பட்டது. கடைசியில் அவர் சேட் நுனியால் மீற்றர் கண்ணாடியைத் துடைக்கிறார். "தூசு. வடிவாத் தெரியேல்லை" எண்டு சொல்கிறார். பிறகு தம்பியைத் தூக்குகிறார். மகளின் பொய்யை அவர் ஏற்றுக்கொண்டார். அத்தோடு முடித்திருந்தோம்.

வெளியில் கொடுக்க முன்னம் கதையைத் தன்ர அப்பாவுக்குக் காட்ட வேணும் எண்டு கூட்டாளி சொன்னாள். வேண்டாம் எண்டு அவர் சொன்னால் விடுவது எண்டு நாங்கள் நாலு பேரும் முதலே பேசி வைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை தாள்களை மேசையில் வைத்துவிட்டு அவள் கிணற்றடிக்குப் போய்விட்டாளாம். அவர் இப்போது வேறொரு இடத்தில் வேலை செய்கிறார். 2022ஐப் பற்றி அந்த வீட்டில் இன்று வரைக்கும் ஒருத்தரும் கதைத்ததில்லை.

வாசித்து முடித்துப்போட்டு அவர் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரேயொரு விசயம்தான் கேட்டார். "அந்தப் பிள்ளை மீற்றர் பாக்கிறது தகப்பனுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்ப அடுத்த நாள் அவர் என்ன செய்வார்?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. அவர் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு சொன்னாராம், "நான் எண்டால் அடுத்த நாள் பதினாலு ஓடிப்போட்டுத்தான் வீட்டை வருவன்."

நாங்கள் பெரியவர்களின் தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். பதினொரு கிலோமீற்றர் கூட ஓட வேண்டும். லீற்றருக்கு ஐம்பது ஓடுகிற பைக்குக்கு அது கால் லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஓகஸ்ற்றில் பெற்றோல் லீற்றர் 450 ரூபா. வேலையில்லாத ஒருவர், காசு முடிகிற மாதத்தில், நாளுக்கு நூறு ரூபாவுக்குக் கிட்ட எரிக்க வேண்டும், மீற்றரில் ஒரு எண் சரியாய் நிற்பதற்காக. கிழமைக்கு ஆறு நாளும் ஓடினாலும் நாலு லீற்றருக்குள் அடங்கும். எல்லாம் பொருந்தியது.

கதையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். அதைப் பிள்ளைதான் சொல்கிறாள், வேறு விளக்கம் ஒன்றும் இல்லாமல்:

"அடுத்த நாள் பின்னேரம் பாத்தன். பதினாலு கூடியிருந்தது."